‘இன்னும் 3 நாள்’: யாருக்கு?

அச்சரப்பாக்கத்தில் மரச்செக்கு வைத்திருக்கும் ஒருவர், பொங்கலுக்கு முன் ஜனவரி 10 அன்று அரை லிட்டர் பாட்டிலில் நல்லெண்ணெய் இறக்கப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய 5 நாளுக்கும் தினம் ஒரு டீசர், 10ஆம் தேதி காலை ‘வந்தாச்சு!’ என்று இன்ஸ்டாகிராமில் ஷெட்யூல் செய்துவிட்டார்.

நம்பிக்கை: தினம் ஒன்றாகப் போட்டால், மக்களும் அதே வரிசையில் பார்ப்பார்கள்.

உண்மை: இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் பதிவுகளை நேர வரிசையில் மட்டும் காட்டுவதில்லை, ஆளுக்கு ஆள் மாற்றி அடுக்குகின்றன. 7ஆம் தேதி போட்ட ‘இன்னும் 3 நாள்’ மதுராந்தகத்துக்காரர் கண்ணில் 9ஆம் தேதி பட்டால், அவர் 12ஆம் தேதிதான் கடைக்கு வருவார். ஆகவே பக்கத்தில் நிலைத்திருக்கும் பதிவில் நாள் கணக்கு வேண்டாம். ‘ஜனவரி 10, காலை 10 மணி’ என்றே எழுதலாம். மற்ற நான்கையும் பார்க்காதவருக்கும் என்ன பொருள், எங்கே கிடைக்கும் என்பது அந்த ஒன்றிலேயே தெரிய வேண்டும்.

நாள் எண்ணுவதற்கு ஏற்ற இடம் ஸ்டோரியும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும். 24 மணி நேரத்தில் மறைந்துவிடுவதால் பழைய எண் சுற்றிக்கொண்டிருக்காது. இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் கவுண்ட்டவுன் ஸ்டிக்கரும் உண்டு. அது தானே எண்ணும். பார்ப்பவர் நினைவூட்டல் வைத்துக்கொண்டால் நேரம் வந்ததும் அவருக்கு அறிவிப்பும் போகும்.

நம்பிக்கை: ஷெட்யூல் செய்துவிட்டால் வேலை முடிந்தது.

உண்மை: லேபிள் அச்சாகி வரத் தாமதமாகி, விற்பனை 13ஆம் தேதிக்குப் போகிறது. ஷெட்யூலுக்கு அது தெரியுமா? 10ஆம் தேதி காலை ‘வந்தாச்சு!’ என்று அது பாட்டுக்குப் போய்விடும். மெட்டா பிசினஸ் சூட்டில் பிளானரைத் திறந்து மீதிப் பதிவுகளை ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். ஏற்கெனவே வெளியான இன்ஸ்டாகிராம் பதிவில் வாசகத்தைத் திருத்தலாம், படத்தை மாற்ற முடியாது. அதனால் தேதியைப் படத்தின் மேல் பொறிக்காமல் கீழே வாசகத்தில் போடுவதே பிழைக்கும் வழி.

நம்பிக்கை: பரபரப்பு கிளம்பிவிட்டால் விற்பனை தானே நடக்கும்.

உண்மை: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஆலை அமைத்த ஓலா எலக்ட்ரிக், 2021 ஜூலை 15 அன்று 499 ரூபாய்க்கு ஸ்கூட்டர் முன்பதிவைத் திறந்தது. ஒரே நாளில் 1 லட்சம் பேர் பதிந்ததாக அறிவித்தது. ஆகஸ்ட் 15இல் அறிமுகம். விற்பனை செப்டம்பர் 8 என்றார்கள். அன்று இணையதளம் ஒத்துழைக்கவில்லை, விற்பனை 15ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. முதல் வண்டிகள் கைக்கு வரும்போது டிசம்பர். ஆள் சேர்ப்பது எளிதாக இருந்தது, வாங்கும் வழியைத் திறந்து வைப்பதில்தான் அவ்வளவு பெரிய நிறுவனமே தடுமாறியது.

செக்குக்காரர் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். லேபிள் ஒட்டிய பாட்டில்கள் கடைக்குள் வந்த பிறகே முதல் டீசரை விட வேண்டும். 9ஆம் தேதி, வேறொருவர் போனிலிருந்து டீசரில் கொடுத்த எண்ணுக்கு ஒரு ஆர்டர் அனுப்பி, பணமும் கட்டிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.