வாட்ஸ்அப் எழுத்து கண்ணில் ஏற வேண்டுமானால்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காரைக்குடியில் இருக்கும் என் சித்திக்கு அறுபத்தெட்டு வயது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, “கண்ணு ரொம்ப மங்கிப் போச்சுப்பா, வாட்ஸ்அப்பே படிக்க முடியலே” என்றார். ஆனால் நாளிதழை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்துவிடுகிறார். போனை வாங்கிப் பார்த்தேன். எழுத்து மிகச் சிறிய அளவில் இருந்தது. திரை கறுப்பு. பின்னால் பேரன் கலர் கலராகச் சட்டை போட்டு நிற்கும் படம். மகள் அனுப்பிய “பெட்டி எடுத்தாச்சா?” என்ற செய்தியைச் சித்தி “பேட்டி எடுத்தாச்சா?” என்று படித்துவிட்டு, யாருக்குப் பேட்டி என்று அரை நாள் குழம்பியிருக்கிறார்.

ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் தமிழில் உள்ள வேறுபாடு ஒரு சின்னச் சுழிதான். புள்ளி விழுந்ததா இல்லையா என்பதும், ‘கி’யா ‘கீ’யா என்பதும் அப்படியே. எழுத்து சிறுத்தால் முதலில் மறைவது இந்தச் சுழியும் புள்ளியும்தான். கண்ணாடிக் கடைக்கு ஓடும் முன் போனில் எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்வது நல்லது. அதைப் பற்றி நம் வீடுகளில் உலவும் நான்கு நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: கறுப்புத் திரைதான் கண்ணுக்கு நல்லது.

உண்மை: எல்லாருக்கும் அல்ல, எல்லா நேரத்திலும் அல்ல. விளக்கணைத்த அறையில் வெள்ளைத் திரை கூசும். அங்கே கறுப்பு இதமாக இருக்கும். பகல் வெளிச்சத்தில் நிலைமை வேறு. திரை கறுப்பாக இருந்தால் கண்ணின் பாவை விரிகிறது. பாவை விரிந்தால் விழியில் இருக்கும் சின்னச் சின்னக் குறைகளும் பார்வையில் தெரிய ஆரம்பிக்கும். சிதறல் பார்வை உள்ளவர்களுக்குக் கறுப்பின் மேல் உள்ள வெள்ளை எழுத்து ஓரங்களில் கசிந்து, ஒன்றோடொன்று ஒட்டியது போலத் தோன்றலாம். அவர்களுக்கு வெளிர் பின்னணியில் கரிய எழுத்தே தெளிவு. மாறாக, கண்புரை உள்ள சிலருக்கு வெள்ளைத் திரையின் ஒளி விழிக்குள் சிதறிக் கூசும். கறுப்பு அவர்களுக்கு உதவலாம்.

ஆகவே இரண்டையும் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் `Settings`, பிறகு `Chats`, அதில் `Theme` என்று போனால் `Light`, `Dark` இரண்டும் இருக்கும். இன்னொன்று: போன் பார்க்கும்போது கண் எரிவதற்கு நிறம் மட்டும் காரணமல்ல. திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது. அதை எந்த நிறமும் சரிசெய்யாது.

நம்பிக்கை 2: பின்னணிப் படம் வெறும் அலங்காரம், படிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

உண்மை: செய்தி எழுத்து குமிழிக்குள் இருப்பதால் படம் நேராக எழுத்தின் மேல் விழாது என்பது சரி. ஆனால் கண் ஒவ்வொரு குமிழியும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தேடிக்கொண்டேதான் படிக்கிறது. பின்னால் முகமும் பூச்சட்டையும் இருந்தால் அந்த ஓரம் தொலைந்துவிடும். “சரி”, “ம்” போன்ற சின்ன பதில்கள் படத்துக்குள்ளேயே காணாமல் போகும். வெள்ளைக் குமிழிக்குப் பின்னால் தூய வெள்ளையை வைத்தாலும் இதே சிக்கல்தான்.

சித்தியின் போனில் `Settings`, `Chats`, `Default chat theme` என்று போய், கோலமோ படமோ இல்லாத மங்கலான ஒரே நிறத்தை வைத்தேன். மற்ற உரையாடல்கள் எல்லாம் மாறின. பேரனுடைய உரையாடல் மட்டும் பழைய படத்தோடேயே நின்றது. அதற்குத் தனியாக ஒரு படம் வைத்திருந்ததுதான் காரணம். தனியாக வைத்தது இருந்தால் பொதுவாக வைத்தது அங்கே செல்லாது. அந்த உரையாடலைத் திறந்து, மேலே வலப்பக்க மூன்று புள்ளியைத் தொட்டு, `Chat theme` வழியாக மாற்ற வேண்டியிருந்தது. பேரன் படத்தைப் போனின் முகப்புத் திரையில் வைத்துக் கொடுத்தேன், சித்திக்கும் குறையில்லை.

நம்பிக்கை 3: எழுத்தைப் பெரிதாக்கினால் எல்லாமே பெரிதாகிவிடும், நாம் அனுப்புவதும் அடுத்தவருக்குப் பெரிதாகப் போகும்.

உண்மை: இரண்டுமே இல்லை. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப்பின் `Chats` பகுதியில் இருக்கும் `Font size` மூன்று அளவு தருகிறது: `Small`, `Medium`, `Large`. இது உரையாடலுக்குள் இருக்கும் எழுத்துக்கு மட்டும். பெயர்ப் பட்டியலும் மற்ற பொத்தான்களும் பெரிதாக வேண்டுமானால் போனின் சொந்த அமைப்பில் எழுத்தளவைக் கூட்ட வேண்டும். ஐபோனில் வாட்ஸ்அப்புக்குள் இந்த வசதி கிடையாது. போனின் `Settings`, `Display & Brightness`, `Text Size` வழியாகத்தான் கூட்ட முடியும். நீங்கள் எவ்வளவு பெரிதாக்கினாலும் அடுத்தவர் தம் போனில் வைத்திருக்கும் அளவில்தான் படிப்பார்.

ஒரு எல்லையும் உண்டு. கல்யாணப் பத்திரிகை, காலை வணக்கம், மருத்துவக் குறிப்பு என்று படமாக வருபவற்றின் எழுத்து இதனால் மாறாது. அவற்றைத் தொட்டுத் திறந்து, இரண்டு விரலால் விரித்துத்தான் படிக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களுக்கு முக்கியமான சேதியைப் படமாக அனுப்பாமல் தட்டச்சு செய்து அனுப்புங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நம்பிக்கை 4: குமிழியின் நிறம் மாற்ற வேறு செயலி வேண்டும், மாற்றினால் எல்லாருக்கும் தெரியும்.

உண்மை: வாட்ஸ்அப் 2025 பிப்ரவரியில் குமிழி நிறத்தையும் மாற்றும் வசதியைக் கொண்டுவந்தது. மேலே சொன்ன `Chat theme` அதுதான். நீங்கள் அனுப்பும் செய்தியின் குமிழி நிறம் மாறும். உங்கள் போனில் மட்டும் தெரியும். டெலிகிராம், மெசஞ்சர் இரண்டிலும் உரையாடலுக்கு வைக்கும் தீம் எதிர்ப்பக்கத்துக்கும் தெரியும் என்பதால் இந்தக் குழப்பம் வந்திருக்கலாம்.

“பிங்க் வாட்ஸ்அப்” என்று குழுக்களில் ஒரு இணைப்பு சுற்றியது நினைவிருக்கும். அதை நிறுவினால் போனில் உள்ளவை திருடுபோகலாம் என்று மும்பை காவல்துறை 2023இல் எச்சரித்தது. நிறத்துக்காக வெளியிலிருந்து இறக்கும் போலிச் செயலிகளால் வாட்ஸ்அப் கணக்கே முடக்கப்படவும் கூடும். அவை வேண்டவே வேண்டாம்.

எந்த நிறம் சரி என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. நண்பகலில் திண்ணைக்குப் போய், போனைக் கை நீட்டிப் பிடியுங்கள். குமிழியின் மூலையில் சின்னதாக ஒரு நேரம் இருக்கும். குமிழிக்குள் இருப்பதிலேயே சிறிய எழுத்து அது. அதைப் படிக்க முடிந்தால் நிறம் சரி. முடியாவிட்டால் குமிழியை இன்னும் வெளிறிய நிறத்துக்கு மாற்றுங்கள்.

சித்தியின் போனில் `Light`, `Large`, ஒரே நிறப் பின்னணி, இளம்பச்சைக் குமிழி வைத்தேன். மகளின் செய்தியைத் திரும்பத் திறந்து கொடுத்ததும், “அட, பெட்டியா!” என்றார்.

இத்தனையும் செய்த பிறகும் எழுத்து மங்கலாகவே தெரிந்தால் குறை போனில் இல்லை. கண் மருத்துவரைப் பாருங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மா அப்பாவின் போனை ஒரு பத்து நிமிடம் கையில் வாங்கி, இந்த நான்கையும் சரிபார்த்துக் கொடுங்கள்.