புரதப் பிணைப்பும் மருந்து இடப்பெயர்ச்சியும்: அச்சம் எங்கே தேவை, எங்கே தேவையில்லை?

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையை உட்கொள்வோரும் அவர்தம் குடும்பத்தினரும் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. மருந்துடன் வரும் தாளில், "இம்மருந்து இரத்தப் புரதத்துடன் 99 விழுக்காடு பிணைகிறது, வேறு மருந்துகள் இதனைப் புரதத்திலிருந்து இடம்பெயர்க்கக்கூடும்" என்று அச்சிடப்பட்டிருக்கும். அதனைப் படித்தவுடன், புதிதாக எந்த மாத்திரை சேர்ந்தாலும் இரத்தக்கசிவு ஏற்படுமோ என்னும் கவலை எழுகிறது. சிலர் தாமாகவே ஏதேனும் ஒரு மருந்தை நிறுத்திவிடுகின்றனர். இக்கவலையின் ஒரு பகுதி நியாயமானது. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் தவறானது. காரணத்தைச் சரியாக அறிந்தால் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது தெளிவாகும்.

பிணைந்த மருந்தும் தனித்த மருந்தும்

நம் இரத்தத்தின் நீர்ப்பகுதிக்குப் பிளாஸ்மா என்று பெயர். அதில் அல்புமின் என்னும் புரதம் மிகுதியாக உள்ளது. இதனைக் கல்லீரல் உற்பத்தி செய்கிறது. குடலிலிருந்து இரத்தத்தில் கலக்கும் பல மருந்துகள் அல்புமினுடன் ஒட்டிக்கொண்டு பயணம் செய்கின்றன. வார்ஃபரின் மூலக்கூறுகள் நூறு இருந்தால், அவற்றுள் ஏறத்தாழ 99 அல்புமினுடன் பிணைந்திருக்கும். ஒன்று மட்டுமே தனித்து உலவும். பிணைந்த மருந்து ஒரு சேமிப்பு மட்டுமே. இரத்தக்குழாயை விட்டு வெளியேறி வேலை செய்வதும், கல்லீரலால் சிதைக்கப்படுவதும் தனித்த மருந்தே.

இனி, அல்புமினுடன் ஒட்டும் இரண்டாவது மருந்து ஒன்று வருகிறது என்று கொள்வோம். இடத்திற்குப் போட்டி ஏற்பட்டு, வார்ஃபரினின் பிணைப்பு 99 விழுக்காட்டிலிருந்து 98 ஆகக் குறைகிறது. தனித்த மருந்து ஒன்றிலிருந்து இரண்டாக உயர்கிறது. அதாவது இரு மடங்கு! இக்கணக்கைக் கண்டவர் எவரும் அஞ்சவே செய்வர். பல ஆண்டுகள் மருத்துவ நூல்களிலும் இக்கணக்கே எச்சரிக்கையாக இடம்பெற்றது. ஆனால் இது பாதிக் கணக்கு மட்டுமே.

தொட்டியும் பஞ்சும்

மீதிப் பாதியை விளங்கிக்கொள்ள ஒரு தண்ணீர்த் தொட்டியை எண்ணிப் பாருங்கள். மேலே ஒரு குழாய் சீராகத் திறந்திருக்கிறது. இது நாள்தோறும் நீங்கள் உட்கொள்ளும் மாத்திரை. அடியில் ஒரு துளை, இது கல்லீரல். தொட்டிக்குள் நீரை உறிஞ்சி வைத்திருக்கும் ஒரு பெரிய பஞ்சு; இது அல்புமின். பஞ்சுக்கு வெளியே உள்ள நீரின் மட்டமே தனித்த மருந்தின் அளவு.

பஞ்சைப் பிழிந்தால் நீர்மட்டம் உயரும். ஆனால் மட்டம் உயர்ந்தவுடன் துளை வழியே நீர் வேகமாக வெளியேறத் தொடங்கும். குழாயில் வரும் நீரோ முன்போலவே வருகிறது. ஆகவே சிறிது நேரத்தில் மட்டம் பழைய இடத்திற்கே இறங்கி நிலைபெறும். பஞ்சில் உள்ள நீர் குறைந்திருக்கும், அவ்வளவே. இறுதியில் நீர்மட்டத்தை முடிவு செய்பவை குழாயும் துளையுமே, பஞ்சு அன்று.

வார்ஃபரினுக்கு இதனைப் பொருத்துவோம். ஒருவர் நாள்தோறும் 5 மி.கி. உட்கொள்கிறார். கல்லீரலும் நாளொன்றுக்குச் சராசரியாக 5 மி.கி. சிதைத்து வருகிறது. தனித்த மருந்து இரு மடங்கானால், கல்லீரல் சிதைக்கும் வேகமும் ஏறத்தாழ இரு மடங்காகி, நாளொன்றுக்கு 10 மி.கி. என்னும் அளவில் தொடங்குகிறது. வரவு 5, செலவு 10. உடலில் உள்ள மொத்த மருந்து குறைந்துகொண்டே வந்து, தனித்த மருந்து பழைய அளவை எட்டியதும் வரவும் செலவும் மீண்டும் சமமாகின்றன. இதற்குச் சில நாட்கள் ஆகும். அந்நாட்களில் ஐ.என்.ஆர். அளவு சற்று ஏறி, பின்னர் தானே இறங்கக்கூடும். முடிவில் இரத்தத்தில் மொத்த மருந்து பாதியாக இருக்கும். வேலை செய்யும் மருந்தோ முன்பு இருந்த அதே அளவில் இருக்கும்.

அப்படியானால் இரத்தக்கசிவு ஏன் நேர்ந்தது?

1960களில் மூட்டுவலிக்குக் கொடுக்கப்பட்டு வந்த ஃபினைல்பியூட்டசோன் என்னும் மருந்தை வார்ஃபரினுடன் சேர்த்து உட்கொண்டோருக்குக் கடுமையான இரத்தக்கசிவு ஏற்பட்டது. அம்மருந்து அல்புமினுடன் வலுவாக ஒட்டக்கூடியது என்பதால், இடப்பெயர்ச்சியே காரணம் என்று பலரும் முடிவு செய்தனர். ஆனால் கசிவு சில நாட்களில் தணியவில்லை. இரு மருந்துகளும் தொடரும்வரை ஆபத்தும் தொடர்ந்தது. பஞ்சைப் பிழிந்ததன் விளைவாக இருந்தால் மட்டம் மீண்டும் இறங்கியிருக்க வேண்டும் அல்லவா?

விடை 1974இல் வெளிவந்த ஆய்வில் கிடைத்தது. வார்ஃபரின் மாத்திரையில் ‘எஸ்’, ‘ஆர்’ எனப்படும் இரு வடிவங்கள் கலந்துள்ளன. இவை வலக்கையும் இடக்கையும் போன்றவை. இவற்றுள் ‘எஸ்’ வடிவமே பன்மடங்கு வலிமையுடையது. ஃபினைல்பியூட்டசோன் ‘எஸ்’ வடிவத்தைக் கல்லீரல் சிதைப்பதைத் தடுத்தது. அதே வேளையில் ‘ஆர்’ வடிவம் வேகமாக வெளியேறியது. மொத்த அளவை மட்டும் பார்த்தபோது ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. அதனால் கல்லீரலில் மாற்றமே இல்லை என்று தோன்றியது; பழி அல்புமின்மீது விழுந்தது. உண்மையில் பஞ்சு பிழியப்பட்டதைவிடத் துளை அடைபட்டதே ஆபத்துக்குக் காரணம். துளை அடைபட்டால் மட்டம் உயரும். உயர்ந்த மட்டம் இறங்காது.

இந்த வேறுபாடு நோயாளிகளுக்கு நேரடியாகப் பயன்படுவது. வார்ஃபரின் உட்கொள்வோர் அஞ்ச வேண்டியது, ‘எஸ்’ வடிவத்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுக்கும் மருந்துகளுக்கே. வயிற்றுப்போக்குக்கும் பல் தொற்றுக்கும் தரப்படும் மெட்ரோனிடசோல், பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோல், கோட்ரைமாக்சசோல், இதயத்துடிப்புச் சீரின்மைக்கான அமியோடரோன் ஆகியவை அவற்றுள் சில. இவற்றுள் ஏதேனும் தொடங்கப்பட்டால் மருத்துவரிடம் வார்ஃபரின் பற்றித் தெரிவித்து, சில நாட்களுக்குள் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். வலி நிவாரணி மாத்திரைகளைப் பொறுத்தவரை, இடப்பெயர்ச்சி பெரிய காரணம் இல்லை என்பதால் அவை பாதுகாப்பானவை என்று கொள்ளலாகாது. அவற்றுள் பல இரைப்பையைப் புண்ணாக்கி, இரத்தத் தட்டணுக்களின் செயலையும் குறைப்பதால், ஐ.என்.ஆர். சரியாக இருக்கும்போதே கசிவை உண்டாக்க வல்லவை.

பரிசோதனைத் தாள் ஏமாற்றும் இடம்

புரதப் பிணைப்பு உண்மையிலேயே கவனத்திற்குரியதாகும் இடம் ஒன்று உண்டு. அது பரிசோதனை முடிவைப் படிக்கும் இடம். வலிப்பு நோய்க்கான ஃபெனிட்டாயின் மருந்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இயல்பாக இதில் 90 விழுக்காடு அல்புமினுடன் பிணைந்திருக்கும். வழக்கமான இரத்தப் பரிசோதனை, பிணைந்ததையும் தனித்ததையும் சேர்த்து மொத்த அளவையே காட்டும். அதற்கான வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம். தனித்த மருந்து என்று பார்த்தால் அது 1 முதல் 2 மைக்ரோகிராம் ஆகும்.

சிறுநீரகக் கோளாறால் சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒரு பெண்மணி நாள்தோறும் 300 மி.கி. ஃபெனிட்டாயின் உட்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வலிப்பு வரவில்லை, உடல்நிலை சீராக உள்ளது. பரிசோதனைத் தாளில் மொத்த அளவு 6 என்றும், "குறைவு" என்றும் வந்திருக்கிறது. அவருடைய அல்புமின், இயல்பில் 3.5க்கு மேல் இருக்க வேண்டியது, 2.0 கிராம் மட்டுமே. பஞ்சு சிறியதாகிவிட்டது, ஆகவே மொத்த நீர் குறைந்துவிட்டது. மட்டம் குறைந்ததா? அதனை மதிப்பிட மருத்துவர்கள் ஒரு கணக்கைப் பயன்படுத்துகின்றனர். அல்புமின் அளவை 0.2ஆல் பெருக்கி, அதனுடன் 0.1 கூட்ட வேண்டும். இங்கு அது 0.5. அளந்த மதிப்பாகிய 6ஐ 0.5ஆல் வகுத்தால் 12 கிடைக்கிறது. அதாவது, அல்புமின் இயல்பாக உள்ள ஒருவருக்கு 12 இருப்பதற்கு இது சமம். தனித்த மருந்து ஏறத்தாழ 1.2, வரம்புக்குள்தான் உள்ளது.

இதனை அறியாமல் மாத்திரையைக் கூட்டினால் தீங்கு நேரும். ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் நொதிக்குத் தாங்கும் எல்லை உண்டு; அவ்வெல்லையை நெருங்கும்போது சிறிதளவு கூட்டினாலும் இரத்த அளவு பெரிதாகத் தாவும். கண்கள் துடிப்பதுபோல் அசைதல், இரட்டைப் பார்வை, தள்ளாடும் நடை, அயர்வு ஆகியவை அதன் அடையாளங்கள். மேற்கண்ட கணக்கு மதிப்பீடு மட்டுமே. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தோருக்கும், வால்ப்ரோயேட் மருந்தையும் சேர்த்து உட்கொள்வோருக்கும் அது பொருந்தாது. வால்ப்ரோயேட் ஃபெனிட்டாயினை இடம்பெயர்ப்பதோடு அதன் சிதைவையும் தடுப்பதால், மொத்த அளவு குறைவாகத் தோன்றும்போதே தனித்த மருந்து மிகுந்திருக்கலாம். இத்தகையோருக்குத் தனித்த ஃபெனிட்டாயினை நேரடியாக அளக்கும் பரிசோதனையே சிறந்தது.

விதிவிலக்கு

இடப்பெயர்ச்சியே நேரடியாகத் தீங்கு செய்யும் சூழல்கள் மிகச் சில. அவற்றுள் முதன்மையானது பச்சிளங்குழந்தைகளுக்கு உரியது. குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்றுத் தடுப்பாகக் கொடுக்கப்பட்ட சல்ஃபிசாக்சசோல் மருந்தால், மஞ்சள் நிறமியாகிய பிலிருபின் மூளையில் படிந்து இறப்புகள் மிகுந்ததை 1956இல் வெளியான ஆய்வு காட்டியது. அம்மருந்து அல்புமினிலிருந்து பிலிருபினை வெளியேற்றியது. பிறந்த சில நாட்களே ஆன குழந்தையின் கல்லீரலால் அதனை விரைந்து அகற்ற இயலவில்லை. பஞ்சைப் பிழிந்த வேளையில் துளையும் குறுகியிருந்தது என்பதே இதன் பொருள். மஞ்சள் காமாலையுள்ள பச்சிளங்குழந்தைகளுக்கு செஃப்ட்ரையாக்சோன் ஊசியை மருத்துவர்கள் தவிர்ப்பதும் இதனாலேயே.

ஆகவே, "புரதப் பிணைப்பு 99 விழுக்காடு" என்னும் வரியைக் கண்டு எம்மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டாம். வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவது வலிப்பையே வரவழைக்கும். புதிய மருந்து சேரும்போது மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினா, "இது என் பழைய மருந்து உடலை விட்டு வெளியேறுவதைத் தடுக்குமா?" என்பதே. ஃபெனிட்டாயின் அளவு குறைவு என்று தாள் காட்டினால் கேட்க வேண்டியது, "அல்புமின் எவ்வளவு?" என்பது.