பாதி எரியும் சீரியல் செட்

ஆண்டு விழாவுக்கு முந்தைய நாள் மாலை, மேடைக்குக் கட்டுவதற்காக அலமாரியிலிருந்த பழைய சீரியல் செட்டை எடுத்தோம். எண்பது சிறு பல்புகள், மினுக்கும் பெட்டி இல்லாதது. பிளக்கைச் செருகியதும் முதல் நாற்பது எரிந்தன. அடுத்த நாற்பதும் இருட்டு. "நாப்பது பல்பும் போச்சு டீச்சர்" என்றான் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன்.

நாற்பதும் ஒரே நேரத்தில் போயிருக்க வாய்ப்பில்லை. சரியாகப் பாதி அணைந்திருப்பதே செட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறது. ஒவ்வொன்றும் 6 வோல்ட் பல்பு. நாற்பதைத் தொடரிணைப்பில் கோத்தால் 230 வோல்ட்டை அவை பங்கிட்டுக்கொள்ளும், ஒவ்வொன்றுக்கும் 5.75 வோல்ட் கிடைக்கும். இப்படிப்பட்ட இரண்டு வரிசைகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் எண்பது பல்பு செட். ஒரு வரிசையில் எங்காவது ஓரிடம் அறுந்தால் அந்த வரிசை முழுதும் அணையும். மற்றது எரிந்துகொண்டே இருக்கும்.

இதைச் சொன்னதும் அவன் கேட்டான்: "அந்த இடம் வரைக்கும் கரண்ட் வரும்ல டீச்சர்? அதுக்கு முன்னாடி இருக்கிற பல்பாவது எரியணுமே?"

குழாயில் தண்ணீர் வருவதுபோல மின்சாரம் வந்து நிற்கும் என்று அவன் நினைத்திருந்தான். பாடத்தில் தொடரிணைப்பின் படத்தைப் பிழையின்றி வரைந்தவன் அவன்.

விளக்கத்தை நிறுத்திவிட்டு இரண்டு டார்ச் செல், நான்கு டார்ச் பல்பு எடுத்தோம். இரண்டிரண்டு பல்புகளை வரிசையாக்கி, இரு வரிசைகளையும் பக்க இணைப்பில் செல்களோடு சேர்த்தோம். மங்கலாக எரிந்தாலும் போதும். ஒரு வரிசையின் இரண்டாவது பல்பைக் கழற்றினால் என்ன ஆகும் என்று முதலில் நோட்டில் எழுதச் சொன்னேன். பலர் "முதல் பல்பு எரியும்" என்றே எழுதினார்கள். கழற்றினோம், முதல் பல்பும் அணைந்தது. செல்களைத் திருப்பி வைத்தும் அதே முடிவு. சுற்று முழுமையாக இருந்தால்தான் அதன் எந்தப் பகுதியிலும் மின்னோட்டம் இருக்கும் என்பதை அவர்களே சொன்னார்கள்.

பழுதைத் தேடிய விதம்

பிளக்கைக் கழற்றி என் மேசையில் வைத்துக்கொண்ட பிறகே செட்டைத் தொட்டேன். எரியாத பகுதியில் மின்சாரம் இல்லை என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், பிளக் செருகியிருக்கும்போது அறுந்த இடத்தின் இரு முனைகளுக்கு இடையே முழு 230 வோல்ட்டும் நிற்கும். ஆகவே இந்தச் செட்டைக் கையாள்வது ஆசிரியரின் வேலை. மாணவர்களுக்கு டார்ச் செல் மாதிரி போதும்.

நாற்பதையும் ஒவ்வொன்றாகச் சோதிக்காமல் பாதி பாதியாகப் பிரித்தோம். மல்டிமீட்டரை 2000 ஓம் அளவில் வைத்தேன். 'பீப்' ஒலி முறை இங்கே ஏமாற்றலாம். பல பல்புகள் சேர்ந்தால் மின்தடை கூடி, வரிசை நன்றாக இருந்தாலும் ஒலி வராது.

இருண்ட வரிசையின் 20ஆம் பல்பை ஹோல்டரிலிருந்து உருவினேன். அந்தப் பல்பு நன்றாக இருந்தது. பிளக்கின் ஒரு முனைக்கும், ஹோல்டரில் அந்தப் பக்கத் தகட்டுக்கும் இடையே அளந்தேன். மீட்டரின் இடது ஓரத்தில் 1 மட்டும் நின்றது. அதாவது 1 முதல் 19க்குள் அறுந்திருக்கிறது. 20ஐச் செருகிவிட்டு 10ஐ உருவினேன்: முதல் ஒன்பதும் சரி, பத்தும் சரி. அடுத்து 15: அதுவரை எல்லாம் சரி. அடுத்து 17: மீண்டும் 1. மிச்சமிருந்தது 16 மட்டுமே. நான்கே அளவீடு.

16ஐக் கழற்றித் தனியாக அளந்தால் அது நல்ல பல்பு! ஹோல்டரைப் பார்த்தோம். பல்பின் மெல்லிய கம்பி ஒன்று மடங்கி, தகட்டைத் தொடாமல் இருந்தது. கம்பியை நிமிர்த்திச் செருகியதும் எண்பதும் எரிந்தன. பல்பை மட்டும் சந்தேகித்திருந்தால் புதுப் பல்பு வாங்கத்தான் ஓடியிருப்போம்.

செய்யக்கூடாத ஒன்று

போன பல்பை எடுத்துவிட்டு, இரு கம்பிகளையும் முறுக்கிவிடுவது நம் ஊர் வழக்கம். ஒன்றை எடுத்தால் பெரிய வேறுபாடு தெரியாது, மற்றவற்றுக்கு 5.9 வோல்ட். பத்தை எடுத்தால் மீதி முப்பதுக்கும் தலா 7.7 வோல்ட். பளிச்சென்று எரிந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். அதே 6 வோல்ட், அதே வாட் பல்பைத்தான் போட வேண்டும்.

இந்த வகுத்தல் கணக்கைக் கரும்பலகையில் போட்டவன் அந்த மாணவன்தான். மறுநாள் மேடையில் அவன் முதலில் பார்த்தது 16ஆம் பல்பை.