தேர் படத்தை வெட்டும்போது குஞ்சம் போகாம இருக்க…

வேலும் மயிலும் துணை!

போன பங்குனி உத்திரத்துக்கு எங்க ஊர் தேர் படத்தை வெட்டி ஒரு போஸ்டர் போட்டேன். குரூப்ல பார்த்த பெரியவர் ஒருத்தர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, கலசத்து மேல இருந்த வேல் எங்கப்பா?" பார்த்தா வேல் நுனி இல்லை. தொம்பையில தொங்கின ஜரிகைக் குஞ்சமும் மொட்டையா நின்னுது. தேர் கட்டினவங்க ராத்திரி முழுக்க உட்கார்ந்து தொங்கவிட்டதை நான் அஞ்சு நிமிஷத்துல அழிச்சிட்டேன். அதே படத்தை மறுபடி எப்படி வெட்டினேன்னு சொல்றேன்.

முதல்ல, படம் ஒரிஜினலா இருக்கணும். வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பின படம் சுருங்கித்தான் வரும். மூணு புள்ளி அகலம் இருந்த ஜரிகை நூல் ஒரு புள்ளியாகிடும், அதுக்கப்புறம் எதை வெட்டறது? படம் எடுத்தவர்கிட்ட டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லி வாங்குங்க.

நான் பயன்படுத்தினது GIMP, இலவசம். அழிரப்பரைத் தொடவே வேண்டாம், அழிச்சது திரும்ப வராது. மாஸ்க் போட்டா கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் பாதி காட்டும். தப்பானா மறுபடி வெள்ளை பூசினா போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். தேரோட மேல்பாதிக்குப் பின்னாடி நீல வானம். மஞ்சள், தங்கம், சிவப்பு எல்லாத்துலயும் நீலம் குறைவு. அதனால நீலச் சேனலை மட்டும் பார்த்தா வானம் வெளுப்பாவும் ஜரிகை கறுப்பாவும் தெரியும். கையால வரைய முடியாத நூலைக்கூட அந்த வித்தியாசமே வெட்டிக் கொடுத்துடும்.

Channels பகுதியில Blue மேல ரைட் கிளிக் பண்ணி Duplicate Channel கொடுங்க. நகலோட கண் அடையாளத்தைப் போட்டுட்டு Colors > Levels போங்க. என் படத்துல கறுப்பு முனையை 80 வரைக்கும், வெள்ளை முனையை 200 வரைக்கும் நகர்த்தினேன். உங்க படத்துக்கு எண் மாறும். வானம் முழு வெள்ளையாகணும், நூல் கறுப்பாகணும், நூலோட ஓரத்துல மட்டும் கொஞ்சம் சாம்பல் மிஞ்சணும். அந்தச் சாம்பல்தான் உயிர். Threshold போட்டா அது செத்துப்போய் நூல் படிக்கட்டு மாதிரி உடையும். முதல் தடவை நான் பண்ணின தப்பு அதுதான்.

அப்புறம் Colors > Invert. அந்த நகல் மேல ரைட் கிளிக் பண்ணி Channel to Selection. படத்தோட லேயருக்கு வந்து Layer > Mask > Add Layer Mask, அதுல Selection.

இப்போ ரெண்டு குறை தெரியும். தேருக்குள்ள இருக்கிற வெள்ளைப் பூ, வெள்ளித் தகடெல்லாம் ஓட்டையா இருக்கும். கீழே கூட்டமும் அப்படியே நிக்கும். Paths கருவியால தேரோட உடம்பை ஓரத்துல இருந்து ரெண்டு மூணு புள்ளி உள்தள்ளி வரைஞ்சு, தேர்வாக்கி, மாஸ்க்ல வெள்ளை நிரப்புங்க. Select > None கொடுத்துட்டு கூட்டத்துக்குக் கறுப்பு பூசுங்க. கூட்டத்துக்கு முன்னாடி தொங்கற குஞ்சத்துக்குச் சேனல் உதவாது, பெரிசாக்கி வெச்சுக் கையாலதான் வரையணும். வானத்துக்கு எதிரே தொங்கற மல்லிகைச் சரமும் நீலச் சேனல்ல காணாம போகும். அந்த இடத்துக்கு மட்டும் Red சேனலைப் பாருங்க: நீல வானம் அதுல இருட்டா இருக்கும், மல்லிகை பளிச்சுனு நிக்கும். இதுக்கு Invert வேண்டாம். ஆனா வானமே மேகம் மூடி வெளுத்திருந்தா மல்லிகைக்கு எந்தச் சேனலும் கைகொடுக்காது.

சரியா வந்துச்சான்னு பார்க்க, அடியில ஒரு தடவை அடர் மெரூன் லேயரும் ஒரு தடவை வெள்ளை லேயரும் வெச்சுப் பாருங்க. மெரூன்ல நூலைச் சுத்தி நீலக் கோடு தெரிஞ்சா அது வானத்தோட மிச்சம். மாஸ்க்கை விட்டுட்டு லேயரை கிளிக் பண்ணி, நூலோட தங்க நிறத்தை எடுத்து மெல்லிசா பூசுங்க. உருவத்தை மாஸ்க் பிடிச்சு வெச்சிருக்கு, நிறம் வெளியே வழியாது.

சக்கரத்தை அடியார்கள் மறைச்சிருந்தா, இல்லாத சக்கரத்தை வேற படத்துல இருந்து ஒட்டாதீங்க. அந்த ஊர்க்காரங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. வடம் பிடிக்கிற முன்வரிசையோட சேர்த்தே வெட்டுங்க, இல்லைன்னா அந்த இடத்துல விழா நாள், நேரம் எழுதற பட்டையைப் போட்டுடுங்க. நான் பட்டைதான் போட்டேன்.

கடைசியா PNG-யா எடுங்க. JPG-ல பின்னணி வெள்ளையாகி வந்துடும். அனுப்பறதுக்கு முன்னாடி மூல படத்தைப் பக்கத்துல வெச்சு, கலசத்துல இருந்து கீழ்வரைக்கும் ஒவ்வொண்ணா எண்ணிப் பாருங்க. இந்தத் தடவை வேல் நுனி இருந்துது. பெரியவர் ஒண்ணும் கேட்கலை, ஸ்டேட்டஸ்ல வெச்சுக்கிட்டார்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!