விளம்பரக் காசில்லாத நலங்கு மாவுக்கு ஒரு மாத வீடியோத் திட்டம்



நம் டிரஸ்டில் வட்டியில்லாக் கடன் பெற்று வீட்டில் நலங்கு மாவு தயாரிக்கும் சகோதரி ஒருவர் ரமலானுக்கு முன்பு அலுவலகம் வந்திருந்தார். "அண்ணே, வீடியோ போடுறேன், நிறைய பேரு பாக்குறாங்க, ஆனா மாவு அப்படியே இருக்கு" என்றார். அவருடைய போனை வாங்கிப் பார்த்தேன். அதிகம் பேர் பார்த்த வீடியோவில் ஒரு சினிமாப் பாட்டு ஓடியது. "7 நாளில் நிறம் கூடும்" என்று எழுத்து மின்னியது. கீழே வந்த செய்திகளில் பாதி, வெள்ளையாக்கும் கிரீம் இருக்கிறதா என்று கேட்டவை. மாவு வாங்கக்கூடியவர்கள் கேட்டிருந்த இரண்டு மூன்று கேள்விகளுக்குப் பதிலே போகவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் சேர்ந்து செய்து பார்த்த முறையை, இதே தொழிலில் இருக்கும் மற்ற சகோதரிகளுக்காக எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது ஒரு நாற்பது பக்க நோட்டு. வாட்ஸ்அப்பில், கடையில், கல்யாண வீட்டில் யார் எது கேட்டாலும் கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே அதில் எழுதச் சொன்னேன். "முகத்துல மஞ்ச ஒட்டுமா?", "புள்ளைக்குப் பூசலாமா?", "தண்ணியில கலந்து ஃபிரிட்ஜில வைக்கலாமா?", "உங்க விலை ஏன் ஜாஸ்தி?" இப்படி மூன்று வாரத்தில் இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ. காசு கொடுத்து விளம்பரம் செய்பவர் தனக்கு வேண்டிய ஆளைத் தேடிப் போகலாம். நமக்கு அந்த வசதி இல்லை. வாங்க நினைத்துத் தயங்குபவர் நின்று கேட்கும்படி பேசுவதுதான் நமக்குள்ள வழி. அவர் எங்கே தயங்குகிறார் என்பது அந்த நோட்டில் இருக்கிறது.

அடுத்தது, எப்போது படம் எடுப்பது என்பது. தினமும் ஒரு வீடியோ என்று ஆரம்பித்தவர்கள் இரண்டாம் வாரமே நிறுத்திவிடுகிறார்கள். இந்தச் சகோதரி மாதம் ஒரு முறைதான் மாவு அரைக்கிறார். பாசிப்பயறைப் புடைப்பது, ஆவாரம்பூவையும் ரோஜா இதழையும் நிழலில் உலர்த்துவது, பூலாங்கிழங்கை இடிப்பது, மில்லுக்குக் கொண்டுபோவது, சலிப்பது, பொட்டலம் போடுவது என்று அந்த வேலை ஒரு வாரம் நடக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் போனைச் செங்குத்தாக நிறுத்தி, பத்துப் பதினைந்து வினாடித் துண்டுகளாக எடுத்து வைத்துக்கொண்டால், வாரம் மூன்று வீதம் பன்னிரண்டு வீடியோவுக்கான படம் கைக்கு வந்துவிடும். காலை ஏழு முதல் ஒன்பது வரை ஜன்னலோர வெளிச்சம் போதும். மாவு பறக்காமலிருக்க ஃபேனை நிறுத்திவிட வேண்டும். லென்ஸைத் துடைக்க மறந்தால் எல்லாமே மங்கலாகிவிடும்; எங்களுக்கு முதல் நாள் அப்படித்தான் ஆனது.

முகம் காட்ட அவருக்கு விருப்பமில்லை. அது ஒரு குறையாகவே இல்லை. மாவு, சல்லடை, கை இவை தெரிந்தால் போதும். குரலைத் தனியாக, இஷாவுக்குப் பிறகு வீடு அடங்கிய நேரத்தில் பதிவு செய்கிறார். பாட்டுச் சேர்ப்பதையும் விட்டுவிட்டோம். மார்க்கக் காரணம் ஒருபுறம் இருக்க, இன்ஸ்டாகிராமில் வியாபாரக் கணக்கு வைத்திருப்பவர்கள் பிரபலமான சினிமாப் பாட்டுகளைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது. அதில் போட்ட வீடியோவையே இறக்கி யூடியூப் ஷார்ட்ஸில் ஏற்றவும் வேண்டாம். ஒன்றின் முத்திரை மற்றதில் தெரிந்தால் அது நல்லதல்ல. போனில் இருக்கும் மூலப்படத்தை இரண்டிலும் தனித்தனியே ஏற்றுங்கள்.

ஒரு வீடியோவை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கேள்வி: "முகத்துல மஞ்ச ஒட்டுமா?" முதல் மூன்று வினாடியில் அவர் கை ஒரு வெள்ளைத் துணியில் இரண்டு ஈரக் குழம்பை அருகருகே வைக்கிறது, குரல் அந்தக் கேள்வியை மட்டும் கேட்கிறது. வணக்கம், பெயர், ஊர் எதுவும் முதலில் வரக்கூடாது. அடுத்த பதினைந்து வினாடியில், ஒன்று சமையல் மஞ்சள் கலந்தது, மற்றது கஸ்தூரி மஞ்சள் கலந்த தம் மாவு என்று சொல்லி, இரண்டையும் கழுவிக் காட்டுகிறார். சமையல் மஞ்சள் பட்ட இடம் மஞ்சளாக நிற்கிறது. மற்ற இடத்திலும் லேசான சாயம் தெரிந்தது. அதை வெட்டிவிடலாமா என்று கேட்டார், கூடாது என்றேன். "துணியில லேசா தெரியுது, பாருங்க" என்று அவரே சொன்னதுதான் அந்த வீடியோவில் நன்றாக வந்த இடம். கடைசி ஏழெட்டு வினாடியில் பொட்டலத்தின் எடை, விலை, வாட்ஸ்அப்பில் கேட்கலாம் என்ற ஒரு வரி. மொத்தம் முப்பது வினாடிக்குள் முடிந்தது.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று வணிகரைக் கேட்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அந்தத் துணியைப் பார்த்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. அதே கணக்கில், பூசுவதற்கு முன் முழங்கை உட்புறம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்க்கச் சொல்வதும், பயறு ஒவ்வாதவர்கள் வாங்க வேண்டாம் என்பதும், தண்ணீரில் குழைத்ததை எடுத்து வைக்காமல் அன்றே கொட்டிவிட வேண்டும் என்பதும் தனித்தனி வீடியோக்களாகின.

"நிறம் கூடும்" என்ற பழைய வீடியோவை அழிக்கச் சொன்னதில் அவருக்கு வருத்தம்தான். அதற்குத்தான் பார்வை அதிகம். ஆனால் 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி வாங்குபவரைத் தவறாக நம்பவைக்கும் எந்த உரிமைகோரலும் கூடாது. கரும்புள்ளி, தேமல் போகும் என்றால் அது மருந்தின் பேச்சாகிவிடும். 2023-இல் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்தார்கள், காரணம் பாதரசம். அந்தச் செய்தியைப் பார்த்த தாய்மார்கள் நம் பொருளையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு லேபிளைக் காட்டுங்கள்: என்னென்ன சேர்ந்திருக்கிறது, தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண், எந்தத் தேதி வரை பயன்படுத்தலாம், உரிம எண். உரிமம் மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறை தருவது. வீட்டில் அதற்கான வசதி இல்லாதவர்கள், உரிமம் உள்ள யூனிட்டில் தம் பெயரில் செய்து வாங்கும் லோன் லைசென்ஸ் முறையை விசாரியுங்கள். அது இல்லாமல் வீடியோவில் முந்துவது பின்னால் சிக்கலாகும். இவரும் இப்போது அந்த வேலையில்தான் இருக்கிறார். அது முடியும்வரை தெரிந்த வீடுகளுக்கு அப்பால் அனுப்ப வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? பார்வை எண்ணிக்கையை நம்பாதீர்கள். 2025 மார்ச் 31 முதல் யூடியூப் ஷார்ட்ஸில் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை; தள்ளிவிட்டுப் போனவரும் அதில் சேர்ந்துவிடுகிறார். இன்ஸ்டாகிராமில் எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் அடுத்தவருக்கு அனுப்பினார்கள் என்று பாருங்கள். அதைவிட நல்லது, வாங்குபவரிடம் "எந்த வீடியோ பாத்து வந்தீங்க?" என்று கேட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போடுவது. இவருடைய நோட்டில் துணி வீடியோவுக்கும், "விலை ஏன் ஜாஸ்தி" என்பதற்குமே அதிகக் கோடுகள். இரண்டாவதில், நம் கரிசல் காட்டுப் பாசிப்பயறை வாங்கிப் புடைத்த பிறகு எவ்வளவு கழிவு போகிறது என்று தராசில் வைத்துக் காட்டியிருந்தார். மில்லில் அரைக்கும் காட்சி பார்க்க அழகாக இருந்தது. ஒரு கோடும் விழவில்லை. அடுத்த மாதம் அதை எடுக்கவில்லை.

கோபிசெட்டிபாளையத்தில் 2017-இல் ஆட்டுப்பால் சோப்பில் தொடங்கிய வில்வா போல வருவோமா என்று ஒரு சகோதரி கேட்டார். மாதம் பத்துக் கிலோ அரைப்பவர் பத்துக் கிலோவுக்கான வாடிக்கையாளரைத்தான் இப்போது தேட வேண்டும். மாவு தீர்ந்த வாரத்தில் விலை சொல்லும் வீடியோவைப் போடாதீர்கள். கேட்டு வந்தவர் திரும்பி வருவது அரிது. அந்த வாரத்துக்குக் கேள்வி பதில் வீடியோ இரண்டைக் கையிருப்பில் வையுங்கள்.

போன் நிறுத்தும் ஸ்டாண்டு ஒன்று டிரஸ்ட் அலுவலகத்தில் வாங்கி வைத்திருக்கிறோம். அஸருக்குப் பிறகு வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். வரும்போது நோட்டையும் கொண்டு வாருங்கள்.