எச்.ஆர். மேசைக்கு ஒரு வரி போதும்

மகாராஜபுரத்திலிருந்து ஓர் இளைஞர் ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் வேலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது 24. வேலை டிரெய்னி ஆப்பரேட்டர், எந்தப் பிரிவிலும் போடலாம். மெடிக்கலுக்கு அனுப்புகிறார்கள். மாலையில் எச்.ஆர். அலுவலரின் வாட்ஸ்அப்பில் எட்டுப் பக்க லேப் ரிப்போர்ட் வந்து விழுகிறது. தவறு இங்கேதான் தொடங்குகிறது. கொழுப்பு அளவுக்குப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஓர் எண்ணைப் பார்த்ததும், மருத்துவம் படிக்காத ஒருவர் "இந்தப் பையன் வேண்டாம்" என்று முடிவெடுத்துவிடுவார். நூல் ஓட்டுவதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இருக்காது.

எச்.ஆருக்கு வர வேண்டியது மூன்றில் ஒன்று: தகுதி, தகுதியில்லை, நிபந்தனையுடன் தகுதி. இதை எழுத வேண்டியவர் லேப்காரர் அல்ல, மருத்துவர். அவர் சரியாக எழுத வேண்டுமானால் முதலில் எச்.ஆர். தன் வேலையைச் செய்திருக்க வேண்டும். செக்கப்புக்கு அனுப்பும்போதே வேலை விவரத்தை ஒரு தாளில் கொடுங்கள்: எந்தப் பிரிவு, பஞ்சுத் தூசி எவ்வளவு, இரைச்சல் உண்டா, இரவு ஷிப்ட் உண்டா, எத்தனை கிலோ தூக்க வேண்டும். அந்தத் தாள் போகாத இடத்தில் மருத்துவர் பொத்தாம்பொதுவாக ஒரு ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட்தான் எழுதித் தருவார். எந்த வேலைக்குத் தகுதி என்று அதில் இல்லையென்றால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

நம் இளைஞருக்கு வருவோம். குழாயில் ஊதச் சொல்லி மூச்சை அளந்தார்கள். முதல் நொடியில் வெளிவந்த காற்று, அவர் வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் அளவில் 74 சதவீதம். 80-க்குக் கீழே போனாலே மருத்துவர்கள் கவனிப்பார்கள். விசாரித்தால், சிறு வயதிலிருந்தே வீசிங். பேல் பிரித்துப் பஞ்சைப் போடும் ப்ளோரூமிலும் கார்டிங்கிலும்தான் ஆலையிலேயே தூசி அதிகம். பல ஆண்டுகள் அந்தத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு, வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். பிஸ்ஸினோசிஸ் என்ற நோயின் ஆரம்ப அடையாளம் அது. ஆகவே மருத்துவர் எச்.ஆருக்கு அனுப்பும் சீட்டு இப்படி இருக்கும்:

"பணி: டிரெய்னி ஆப்பரேட்டர். முடிவு: நிபந்தனையுடன் தகுதி. ப்ளோரூம், கார்டிங் பிரிவுகளில் போடக் கூடாது. பேக்கிங், நூல் கிடங்கில் போடலாம். 3 மாதத்தில் மறுபரிசோதனை."

வீசிங் என்ற சொல்லே இதில் இல்லை. 74-ம் இல்லை. ஆனால் சூப்பர்வைசருக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. நிபந்தனை என்பது நோயைச் சொல்லாமல் வேலையைச் சொல்ல வேண்டும். தேதியும் வேண்டும்; தேதி போடாத நிபந்தனை ஒருவரை ஆயுளுக்கும் பேக்கிங்கிலேயே உட்கார வைத்துவிடும். "தகுதியில்லை" என்பதும் அந்த வேலைக்கு மட்டும்தான். ரத்தசோகை போலச் சரியாகக்கூடியது என்றால், மீண்டும் எப்போது வரலாம் என்று மருத்துவர் குறிக்க வேண்டும். முழு ரிப்போர்ட் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு: பரிசோதனைக்கு வந்தவரின் கை.

விவரம் அலுவலகத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு எல்.ஐ.சி.யில் நடந்ததே சாட்சி. 1989-இல் உதவியாளராகச் சேர்ந்த நீரா மாத்தூரைப் பரிசோதித்த மருத்துவர் தகுதி என்றே சொன்னார். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் நிறுவனத்தின் படிவம் தனியாக மாதவிடாய், கர்ப்பம் பற்றியெல்லாம் கேட்டு எழுதி வாங்கியிருந்தது. அவர் மகப்பேறு விடுப்பு எடுத்ததும் அந்தப் படிவத்தைத் தூக்கிவந்து, கடைசி மாதவிடாய்த் தேதியைத் தவறாகச் சொன்னார் என்று 1990-இல் வேலையைவிட்டு அனுப்பினார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப வேலையில் சேர்த்தது. அந்தக் கேள்விகளைப் படிவத்திலிருந்தே எடுக்கச் சொன்னது.

இன்னொன்றையும் பாருங்கள். லேபோடு பேசி முடித்த 'பேக்கேஜில்' எச்.ஐ.வி. பரிசோதனை ஒளிந்திருக்கிறதா? வேலைக்கு முன்நிபந்தனையாக அதைக் கேட்பதை 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது; 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பில்லில் ஒவ்வொரு சோதனையாகப் படித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்த முறை லேபிலிருந்து முழு ரிப்போர்ட் வந்தால் திறக்காமல் அழித்துவிட்டு, மருத்துவரின் சீட்டை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.