மூச்சுக்கு ஏற்ற காற்புள்ளி

கேள்வி: மட்டாஞ்சேரி பரதேசி யூத ஆலயம் பற்றி உரை எழுதியுள்ளேன். வாசித்தால் மூச்சு முட்டுகிறது. நிறுத்தற்குறிகளை எப்படித் திருத்துவது?
– வாசகி, கொச்சி

பதில்: உரக்க வாசித்து, குரல் தானாக நிற்குமிடத்தில் பென்சிலால் கோடிடுங்கள். நீங்கள் அனுப்பிய வரி: ‘1568இல் கட்டப்பட்ட, பரதேசி யூத ஆலயத்தின் 400ஆம் ஆண்டு விழாவுக்கு 1968இல் பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார்.’

‘கட்டப்பட்ட’ என்ற பெயரெச்சம் தன் பெயரோடு ஒட்டியே ஒலிக்க வேண்டும். அங்கே காற்புள்ளி தவறு. ஆனால் அதை நீக்கினால் மட்டும் மூச்சு கிடைக்காது. வாக்கியத்தை உடையுங்கள்: ‘பரதேசி யூத ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. அதன் 400ஆம் ஆண்டு விழாவுக்கு, பிரதமர் இந்திரா காந்தி வந்திருந்தார்.’ முற்றுப்புள்ளியில் முழு மூச்சு கிடைக்கிறது. காற்புள்ளியின் சிறு நிறுத்தம், வரப்போகும் பெயருக்கு அவையைத் தயார்ப்படுத்துகிறது. 1968 தானே விளங்கும், விட்டுவிடலாம்.

மேடைப் பிரதியில் ‘ஆயிரத்து ஐந்நூற்று அறுபத்தெட்டு’ என்றே எழுதுங்கள். எந்த வாக்கியமும் பாதியில் அடுத்த தாளுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.